நெட் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை: ரவுட்டருக்குள் நிரம்பிவிடும் பட்டியல்

வீட்டு இணையம் பல விதமாகக் கெடும். கேபிள் அறுந்தால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். வேகம் குறைந்தால் எல்லாமே இழுக்கும். இந்த இரண்டிலும் சேராத ஒரு கோளாறு உண்டு, அதுதான் ஆளைக் குழப்பும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு தெளிவாகக் கேட்கிறது. அடுத்த அறையில் ஒருவர் பார்க்கும் படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. ஆனால் செய்தித்தளம் ஒன்றைப் புதிதாகத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் `ERR_CONNECTION_TIMED_OUT` என்றோ `DNS_PROBE_FINISHED_NO_INTERNET` என்றோ திரையில் வருகிறது. ஐந்து நிமிடம் கழித்து அதே பக்கம் திறக்கிறது, அடுத்தது திறக்கவில்லை. “நெட் இருக்கு, ஆனா எதுவும் ஓப்பன் ஆக மாட்டேங்குது” என்று வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் லைனைச் சோதித்துப் பார்த்துவிட்டு “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்” என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. லைன் சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட நேரங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு பட்டியலை. கனெக்‌ஷன் டிராக்கிங் டேபிள் என்று அதற்குப் பெயர். சுருக்கமாக ‘கான்ட்ராக்’ என்பார்கள். அந்தப் பட்டியலில் இடம் தீர்ந்துபோனால், ஏற்கெனவே அதில் இருக்கும் தொடர்புகள் எல்லாம் ஓடும், புதிதாக வருகிற எதற்கும் இடம் கிடைக்காது.

வீட்டிலோ விடுதியிலோ எத்தனை போன் இருந்தாலும், வெளியுலகத்துக்குத் தெரியும் ஐபிவி4 முகவரி பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே உங்கள் போனுக்கு 192.168.1.23 என்று ஒரு முகவரி, பக்கத்து அறைக்காரரின் மடிக்கணினிக்கு 192.168.1.40 என்று இன்னொரு முகவரி. இவை வெளியே செல்லாது. ஒரு பாக்கெட் வெளியே போகும்போது ரவுட்டர் அதன்மேல் தன் சொந்த முகவரியை எழுதி அனுப்புகிறது. பதில் வரும்போது, இது யாருக்கு வந்தது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். மேன்ஷன் வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் பதிவேடு போல, எந்த அறையிலிருந்து யார், எங்கே, எந்த வழியாகப் போனார் என்று ஒவ்வொரு தொடர்புக்கும் ரவுட்டர் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. டிசிபியா யூடிபியா, உள்ளிருந்து போன முகவரியும் போர்ட் எண்ணும், வெளியே சேர வேண்டிய முகவரியும் போர்ட் எண்ணும், இந்த வரி இன்னும் எத்தனை நொடிக்குச் செல்லும் என்ற கணக்கு, இவ்வளவும் அந்த வரியில் இருக்கும்.

இதை வேகத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு திரைப்படத்தை முழுதாக இறக்குகிற தொடர்பும் ஒரு வரிதான். ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்டு ஒரே ஒரு பதில் வாங்குகிற டிஎன்எஸ் விசாரணையும் ஒரு வரிதான். ஆகவே 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் இந்தப் பட்டியலில் ஒரு வரிகூடக் கூடப்போவதில்லை. இந்தக் கோளாறுக்காகப் பெரிய திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் ரவுட்டரின் நினைவகத்தில் சில நூறு பைட்டுகள் வேண்டும். அதனால் பட்டியலுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். 4,096, 8,192, 16,384, 65,536 என்று பெட்டிக்குப் பெட்டி மாறும். மலிவான பெட்டி என்றால் வரம்பும் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். பெட்டியின் மேல்அட்டையில் வைஃபை வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இந்த எண்ணை எங்கும் போடுவதில்லை. பத்துப் பேருக்கு மேல் ஒரு ரவுட்டரைப் பகிர்கிற இடத்தில் வைஃபை வேகத்தைவிட இந்த எண்தான் முக்கியம் என்பது என் கருத்து.

எப்படி நிரம்புகிறது

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அறுபது பேர் தங்கியிருக்கிறார்கள். போன், மடிக்கணினி, டிவி எல்லாம் சேர்த்து இரவு ஒன்பது மணிக்கு நூறு கருவிகள் வைஃபையில் இருக்கின்றன. ரவுட்டரின் வரம்பு 8,192 வரிகள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் பிரவுசர் அந்த ஒரு தளத்தோடு மட்டும் பேசுவதில்லை. விளம்பரம், எழுத்துரு, படம், வீடியோ, வாசகர் கணக்கெடுப்பு என்று இருபது முப்பது சர்வர்களைத் தேடிப் போகிறது. ஒவ்வொன்றின் பெயரையும் முகவரியாக மாற்ற ஒரு டிஎன்எஸ் விசாரணை, பிறகு அந்த சர்வரோடு ஒரு தொடர்பு. போனைத் தொடாமல் மேஜையில் வைத்திருந்தாலும் பின்னணியில் அஞ்சல், அறிவிப்பு, காப்புப்பதிவு என்று சில தொடர்புகள் இருந்துகொண்டே இருக்கும். ஒரு கருவிக்குச் சராசரியாக 55 வரி என்று வைத்தால் மேன்ஷன் முழுக்க 5,500. வரம்பு 8,192. பிரச்சினை இல்லை.

இப்போது ஓர் அறையில் ஒருவர் மடிக்கணினியில் டோரன்ட் போடுகிறார். டோரன்ட் செயலியின் வேலையே முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான கணினிகளிடம் “உன்னிடம் இந்தத் துண்டு இருக்கிறதா, இருப்பவர் யாரென்று தெரியுமா” என்று கேட்டுக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு புதுக் கணினியும் ஒரு புது முகவரி. ஒவ்வொரு புது முகவரியும் ஒரு புது வரி. அது நொடிக்கு 25 புது முகவரிகளோடு பேசிப் பதிலும் வாங்குகிறது என்று கொள்வோம். யூடிபி முறையில் ‘முடிந்தது’ என்று சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால் பேச்சு நின்ற பிறகும் ரவுட்டர் ஒரு காலக்கெடு வரை வரியை அழிக்காமல் காத்திருக்கும். இந்த ரவுட்டர் இரண்டு நிமிடம் காக்கிறது என்றால் 25 பெருக்கல் 120, ஆக 3,000 வரிகள் எப்போதும் அந்த ஒரு மடிக்கணினியின் பெயரில் நிற்கும். 5,500-ம் 3,000-ம் 8,500. பட்டியல் நிரம்பிவிட்டது.

அந்தக் கேள்வி பதில்கள் எவ்வளவு சிறியவை என்று பாருங்கள். ஒரு பாக்கெட் நூறு பைட் என்றால், போக வர நொடிக்கு ஐந்து கிலோபைட். ஒரு சாதாரணக் குரல் அழைப்பு அளவுதான். படம் இறங்கவே ஆரம்பிக்காமல் இருக்கலாம். யார் அதிக டேட்டா பயன்படுத்துகிறார்கள் என்று ரவுட்டரில் தேடினால் அந்த மடிக்கணினி வரிசையின் அடியில் எங்கோ இருக்கும். பட்டியல் நிரம்புவதைத் தீர்மானிப்பவை இரண்டே எண்கள்: நொடிக்கு எத்தனை புது வரி சேர்கிறது, ஒரு வரி எத்தனை நொடி நிற்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதே பட்டியலின் நீளம்.

இரண்டாவது எண் தவறாக இருந்தால் டோரன்ட்கூட வேண்டாம், பட்டியல் தானாகவே நிரம்பும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். அதில் இணைந்த நிலையிலுள்ள டிசிபி தொடர்பு ஒன்று அசைவில்லாமல் கிடந்தால் அதன் வரியை அழிக்க இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் காலக்கெடு 4,32,000 நொடி. அதாவது முழுதாக ஐந்து நாள். பிரவுசரை ஒழுங்காக மூடினால் முடிவுச் செய்தி போய்விடும், வரி இரண்டு நிமிடத்தில் அழியும். ஆனால் மேன்ஷன்வாசி காலையில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது போன் வைஃபையை உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. பழைய தொடர்புகளுக்கு முடிவுச் செய்தி அனுப்ப அதற்கு வழியே இல்லை. அந்தப் பக்கத்து சர்வர்கள் பலவும் சில நிமிடத்தில் தாமே முடித்துக்கொள்ளும், அப்போது ரவுட்டரும் புரிந்துகொள்ளும். ஆனால் எந்தப் பக்கமும் எதுவும் சொல்லாமல் கிடப்பவை சில மிஞ்சும். அவற்றின் வரிகள், ஆள் போய் நாலு நாளானாலும் பட்டியலில் இருக்கும்.

8,192 வரி கொண்ட பட்டியலை ஐந்து நாளில் நிரப்ப எவ்வளவு போதும்? 4,32,000-ஐ 8,192-ஆல் வகுத்தால் சுமார் 52. அதாவது 52 நொடிக்கு ஒரு தொடர்பு முடிவின்றிக் கைவிடப்பட்டால் போதும், வேறு எந்தப் பயன்பாடும் இல்லாமலே பட்டியல் நிறைந்துவிடும். அறுபது பேர் வந்துபோகிற இடத்தில் அது பெரிய எண் அல்ல. “ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் வேலை செய்யுது” என்று பல இடங்களில் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம். ரவுட்டரை அணைத்தால் பட்டியல் நினைவகத்தோடு அழிந்து வெறுமையாகிறது. கைவிடப்பட்ட வரிகள் மீண்டும் சேர அத்தனை நாள் ஆகிறது.

இதற்கென ஒரு பொது விதியும் இருக்கிறது. 2008-ல் வெளியான ஆர்எஃப்சி 5382 என்ற இணைய நெறி ஆவணம், இணைந்த டிசிபி தொடர்பின் வரியை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் அழிக்கக் கூடாது என்கிறது. சும்மா கிடக்கும் தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று கணினிகள் தட்டிப்பார்க்கும் வழக்கமான இடைவெளி இரண்டு மணி நேரம், அதோடு சிறிது சலுகை. நொடியில் சொன்னால் 7,440. ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓப்பன்-டபிள்யூஆர்டி இதே 7,440-ஐத்தான் வைத்திருக்கிறது. மேலே சொன்ன மேன்ஷனில் 52 நொடிக்கு ஒன்று என்று கைவிடப்பட்டாலும், 7,440 நொடிக் கெடுவில் ஒரு நேரத்தில் தேங்குவது சுமார் 140 வரிகள்தான். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் 8,192 இடத்தில் 140.

எப்படி அடையாளம் காண்பது

முதல் அடையாளத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்: பழையது ஓடும், புதியது திறக்காது. இதை வாட்ஸ்அப்பிலேயே பார்க்கலாம். எழுத்துச் செய்தி, எப்போதோ திறந்துவைத்த தொடர்பு வழியாகப் போவதால் உடனே சேர்ந்து இரண்டு டிக் விழும். ஆனால் நண்பர் அனுப்பிய லிங்க்கைத் தொட்டால் திறக்காது. அவர் அனுப்பிய படமும் இறங்காமல் மங்கலாகவே நிற்கலாம், ஏனென்றால் படத்தை இறக்கப் புதிதாக ஒரு தொடர்பு வேண்டும்.

அடுத்த அடையாளம் பாதிப் பக்கம். பட்டியல் விளிம்புவரை நிறைந்திருக்கும்போதும் நொடிக்குச் சில வரிகள் காலாவதியாகி இடம் விடுகின்றன. அந்த நேரத்தில் வந்து தட்டுகிறவருக்கு இடம் கிடைக்கும். அதனால் ஒரு பக்கத்தின் எழுத்துகள் வந்து படங்கள் வராது, அல்லது தலைப்புப் படம் மட்டும் வந்து மற்றவை வெற்றுக் கட்டமாக நிற்கும். இடம் கிடைக்காத தொடர்பை உங்கள் போன் மீண்டும் முயலும். முதலில் ஒரு நொடி கழித்து, பிறகு இரண்டு நொடி, பிறகு நான்கு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். ஆகவே திறக்கிற பக்கமும் ஒன்று, மூன்று, ஏழு நொடி தயங்கி நின்று, பிறகு சட்டென்று முழு வேகத்தில் கொட்டும். இந்தத் ‘தயங்கி, பிறகு வேகம்’ என்பதைக் கவனித்துப் பழகினால் மறக்காது. வேகக் குறைவு என்றால் பக்கம் சொட்டுச் சொட்டாக வரும், இப்படி வராது. வேகம் அளக்கும் தளங்களிலும் இதே கதைதான். தளம் திறக்கவே அடம்பிடிக்கும். திறந்து அளவு தொடங்கிவிட்டால் காசு கட்டிய வேகம் அப்படியே காட்டும்.

லினக்ஸ் ரவுட்டர் இந்த நேரத்தில் கொஞ்சம் சாமர்த்தியமும் காட்டும். பட்டியல் நிரம்பியதும், இன்னும் பதிலே வராத அரைகுறை வரி ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தள்ளிவிட்டுப் புதியதற்கு இடம் தரும். இருபக்கமும் பேசி உறுதியான வரிகளைத் தொடாது. அழைப்பும் படமும் தப்பிப்பது இதனால்தான். தள்ளுவதற்கு எதுவும் அகப்படாவிட்டால்தான் புதிய பாக்கெட்டை எறிகிறது. கோளாறு வந்தும் போயும் கண்ணாமூச்சி ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் நல்ல சோதனை இது. கோளாறு இருக்கும் நேரத்தில் பிரவுசரில் 192.168.1.1 போன்ற உங்கள் ரவுட்டரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது இணையத்துக்கே போகவில்லை, பக்கத்திலிருக்கும் பெட்டியோடு பேசுகிறது. ஆனாலும் ரவுட்டருக்கு வரும் தொடர்புக்கும் அதே பட்டியலில் ஒரு வரி வேண்டும், ஆகவே அதுவும் திணறும். அதே நேரம் வைஃபை பிரிண்டரில் ஒரு தாளை அச்சிட்டால் பொதுவாக அச்சாகிவிடும். ஒரே வைஃபைக்குள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இந்தப் பட்டியலைத் தொடுவதில்லை. பிரிண்டர் வேலை செய்கிறது, ரவுட்டரின் பக்கம் திறக்கவில்லை, பழைய அழைப்பு ஓடுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை.

கணினி இருந்தால் `ping` கொண்டும் பார்க்கலாம். கோளாறு வருகிற நேரத்துக்கு முன்பே ஒரு சன்னலில் `ping -t 8.8.8.8` என்று ஓடவிட்டுவிடுங்கள். இது விண்டோஸுக்கான கட்டளை. லினக்ஸிலும் மேக்கிலும் `-t` வேண்டாம். பக்கங்கள் திறக்காமல் போனதும் இன்னொரு சன்னலில் `ping 1.1.1.1` அடியுங்கள். முதல் சன்னலில் பதில் வந்துகொண்டே இருக்கும், இரண்டாவதில் பதில் வராது. இரண்டாவது முறை வேறு முகவரிக்கு அடிப்பது முக்கியம். விண்டோஸில் அதே முகவரிக்கே மறுபடி அடித்தால் ரவுட்டர் அதைப் பழைய வரியிலேயே சேர்த்துக்கொள்ளும், பதில் வந்து உங்களை ஏமாற்றிவிடும்.

இதே `ping` மற்றக் கோளாறுகளையும் பிரித்துக்காட்டும். லைன் அறுந்திருந்தால் முதல் சன்னலும் நின்றுவிடும். யாரோ பெரிய கோப்பு ஏற்றி லைனை அடைத்திருந்தால் முதல் சன்னலில் 20 மில்லிநொடியாக இருந்த பதில் 300, 500 என்று ஏறும், ஆனால் புதியதற்கும் பதில் வரும். டிஎன்எஸ் மட்டும் கெட்டிருந்தால் 1.1.1.1-க்குப் பதில் வரும், பெயர் சொல்லித் தேடும் தளங்கள் மட்டும் திறக்காது. புதிதாக வந்தவரின் போன் மட்டும் வைஃபையில் சேரவே முடியாமல் தவித்து, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நன்றாக இருந்தால், உள்முகவரிகள் தீர்ந்துபோயிருக்கும். அது வேறு பட்டியல்.

எண்ணைக் கண்ணால் பார்ப்பது

இத்தனை சோதனையும் எண்ணைப் பார்க்க வழியில்லாதபோதுதான். ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டரில் முதல் பக்கத்திலேயே `Active Connections` என்ற வரியில் இப்போது எத்தனை, வரம்பு எத்தனை என்று இரண்டு எண்களும் இருக்கும். கட்டளை அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது:

```
cat /proc/sys/net/netfilter/nf_conntrack_count
cat /proc/sys/net/netfilter/nf_conntrack_max
dmesg | grep conntrack
```

முதல் இரண்டும் இருப்பும் வரம்பும். மூன்றாவது, ரவுட்டர் தன் குறிப்பில் எழுதிவைத்ததைக் காட்டும். அங்கே இந்த வாசகம் இருந்தால் விசாரணை முடிந்தது:

```
nf_conntrack: table full, dropping packet
```

ரவுட்டருக்குள்ளிருந்தே `ping` அடித்து `Operation not permitted` என்று வந்தாலும் இதே சந்தேகம் வலுக்கும். ஒரு தகவல்: பட்டியல் நிரம்பிய பிறகு ரவுட்டருக்குள் புதிதாக நுழைவதும் கடினம் என்று முன்பே பார்த்தோம். அதனால் சிக்கல் வரும் நேரத்துக்கு முன்பே உள்ளே நுழைந்து சன்னலைத் திறந்து வைத்திருங்கள். அந்தத் தொடர்பு பழைய தொடர்பாகிவிடும், அறுபடாது.

யார் நிரப்புகிறார்கள் என்று அறிய, ஒவ்வொரு உள்முகவரிக்கும் எத்தனை வரி என்று எண்ணலாம்:

```
grep -o 'src=192\.168\.1\.[0-9]*' /proc/net/nf_conntrack | sort | uniq -c | sort -n
```

வரிசையின் கடைசியில் வருபவரே அதிக வரி வைத்திருப்பவர். நூறு கருவியில் தொண்ணூற்றொன்பது நூறுக்குக் கீழே இருந்து, ஒன்று மட்டும் 3,000 என்று நின்றால் வேறு சாட்சி தேவையில்லை. அது டோரன்ட் ஓடும் மடிக்கணினியாக இருக்கலாம். யாரும் கை வைக்காத சிசிடிவி பெட்டியாக இருந்தால் உடனே இணையத்திலிருந்து கழற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் பிடித்து, வேறு கருவிகளைத் தேடி இடைவிடாமல் முகவரி முகவரியாகத் தட்டவைத்தது. அந்தத் தட்டல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பட்டியலில் அந்தப் பெட்டியின் வரிகள் பெரும்பாலும் 23-ஆம் போர்ட்டை நோக்கியும் `[UNREPLIED]` என்ற குறியோடும் இருந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். யாரிடமும் பெரிய எண் இல்லாமல் மொத்தம் மட்டும் அதிகமாக இருந்தால், வரிகளின் காலக்கெடுவைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் டிசிபிக்கு அடுத்து மீதமுள்ள நொடி எழுதியிருக்கும். நான்கு லட்சத்தைத் தொட்ட எண்கள் கண்ணில் பட்டால் ஐந்து நாள் கெடு அங்கே இருக்கிறது.

சரிசெய்வதும் இந்த வரிசையில்தான். குற்றவாளி ஒருவர் என்றால் அவரிடம் பேசி டோரன்ட் செயலியில் மொத்தத் தொடர்புகளை இருநூறு அளவுக்குக் குறைத்து, புதுக் கணினிகளைத் தேடும் டிஎச்டி வசதியை அணைக்கச் சொல்வது. காலக்கெடு அதிகம் என்றால் அதைக் குறைப்பது. இரண்டும் சரியாக இருந்து, ஆட்களே அதிகம் என்றால்தான் வரம்பைக் கூட்டுவது:

```
sysctl -w net.netfilter.nf_conntrack_tcp_timeout_established=7440
sysctl -w net.netfilter.nf_conntrack_max=16384
```

ரவுட்டரை அணைத்து ஏற்றினால் இவை போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் `/etc/sysctl.conf` கோப்பில் எழுதிவைக்க வேண்டும். வரம்பைக் கூட்டினால் நினைவகமும் கூடுதலாகத் தேவை. 16,384 வரிக்குச் சில எம்பி போதும், ஆனால் 64 எம்பி மட்டுமே உள்ள பழைய பெட்டியில் பல மடங்கு கூட்டினால் ரவுட்டரே மூச்சுத் திணறி விழும். காலக்கெடுவையும் 7,440-க்குக் கீழே மிகவும் இறக்க வேண்டாம் என்றே சொல்வேன். அமைதியாகக் காத்திருக்கும் அறிவிப்புத் தொடர்புகளும் அலுவலகத்தோடு தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களின் தொடர்புகளும் காரணம் தெரியாமல் அறுபட ஆரம்பிக்கும், ஒரு கோளாறு போய் இன்னொன்று வந்து நிற்கும்.

இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டிகளில் பலவற்றில் இந்த எண்களைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அங்கே முன்சொன்ன வெளிச்சோதனைகளே கைகொடுக்கும். கோளாறு உறுதியானால், அந்தப் பெட்டியை வெறும் பாலமாக மாற்றித் தரச் சொல்லி, பின்னால் சொந்த ரவுட்டர் வைப்பது நல்ல வழி. பிரிட்ஜ் மோட் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும்.

கடைசியாக ஒரு சிக்கல். எல்லா அடையாளமும் பொருந்துகிறது, ஆனால் ரவுட்டரில் எண்ணைப் பார்த்தால் 8,192-க்கு 900 என்று நிற்கிறது. அப்போது நிரம்பியிருப்பது உங்கள் பட்டியல் அல்ல, நிறுவனத்தின் பட்டியல். ஐபிவி4 முகவரிகள் பற்றாததால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அங்கே ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை போர்ட்தான் என்று ஒரு பங்கும் ஒதுக்கியிருக்கலாம். அந்தப் பங்கு தீர்ந்தால் விளைவு இதேதான். கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால் நீங்கள் அப்படிப்பட்ட பகிர்வுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். இரண்டாவது, ஐபிவி6 வசதியுள்ள லைனில் ஐபிவி6-ல் இயங்கும் பெரிய தளங்கள் எல்லாம் சுலபமாகத் திறந்து, ஐபிவி4 மட்டுமே உள்ள சின்னத் தளங்கள் மட்டும் திறக்காமல் நின்றால் குறை மேலே இருக்கிறது. வீட்டு லினக்ஸ் ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான், அது நிரம்பினால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். நிறுவனத்தின் பங்கீட்டில் சிக்குவது ஐபிவி4 மட்டும்தான். இதைக் குறித்துவைத்துக்கொண்டு, “எனக்கு ஒதுக்கிய போர்ட் எண்ணிக்கை தீர்ந்துபோகிறது, அதைக் கூட்டுங்கள் அல்லது தனி வெளிமுகவரி தாருங்கள்” என்று புகாரில் எழுதுங்கள். ‘நெட் ஸ்லோ’ என்று எழுதினால் அது லைன் சோதிப்பவரிடம் போகும். இப்படி எழுதினால் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கக்கூடிய பொறியாளரிடம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.